ஆயுத பூஜையன்று ஒரு லாகின்

எங்கள் கம்பெனியில் இறந்துபோன ஒருவர் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். காலை ஷிஃப்ட் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உள்ளே நுழைவார். டிஸ்பாட்ச் பிரிவின் ஃபைல்களைத் திறப்பார், லாரிகளுக்கு கேட் பாஸ் அடிப்பார், சாயங்காலம் வெளியேறுவார். இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. யார் உள்ளே வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி என்று நினைத்துவிடாதீர்கள். நான் நிற்பது கம்ப்யூட்டர்களின் கேட்டில்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பம்புகளுக்கு இரும்பு வார்க்கும் கம்பெனி அது. சோழவரத்தில் கம்பெனி வேனில் ஏறினால், காரனோடை, தச்சூர் கூட்டு ரோடு, கவரைப்பேட்டை என்று தூங்கி வழிந்து போய்ச் சேர வேண்டும். எங்கள் அறை சர்வர் அறையை ஒட்டி இருந்தது. ஜன்னல் கிடையாது. ஏசி குளிர் எலும்பைத் தொடும். சுவருக்கு அந்தப் பக்கம் உலை ஓடும் சத்தம் காதில் விழாது, காலில்தான் தெரியும். தரை எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் நானும் சீனியர் அண்ணன் ஒருவரும் மட்டும். அவர் கும்மிடிப்பூண்டிக்காரர். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். கோபம் வந்தால் மட்டும் முழுத் தமிழ்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாகின் பெயர்களையெல்லாம் ஊழியர் பட்டியலோடு ஒத்துப்பார்த்தேன். ஒரு பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. ஆனால் அன்று காலைகூட உள்ளே வந்திருந்தது.

"இவரு யாருண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணன் டீயை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "டிஸ்பாட்ச் சூப்பர்வைசரு. அவுரு பூட்டாரு மா."

"வேற கம்பெனிக்கா?"

"இன்னாமா நீ. செத்துட்டாரு. நெஞ்சு வலி. வருஷம் ஒண்ணு மேல ஆவுது."

திரையில் அதே நேரத்தில் அவர் பெயரில் ஒரு ஃபைல் திறந்தது. என் முகத்தைப் பார்த்து அண்ணன் சிரித்துவிட்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். சூப்பர்வைசர் போன பிறகு அவர் மனைவிக்கு அதே பிரிவில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கேட் பாஸ் அடிக்கும் அனுமதி இறந்தவரின் லாகினுக்குத்தான் இருந்தது. புது லாகினுக்கு அந்த அனுமதி வாங்க மேலே நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டும், நாலு பேரும் ஒரே நாளில் கம்பெனியில் இருந்ததில்லை. "இதுலயே ஓட்டிக்கோங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாஸ்வேர்டு திரைக்குக் கீழே பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தது. பிரிவில் எல்லோருக்கும் தெரியும். மகள் பெயரும் ஒரு எண்ணும்.

அந்த அக்காவை அப்புறம் நான் நேரில் பார்த்தேன். பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம் அவருடையது. ஏரித் தண்ணியில் நின்று பழகிய காலுக்கு இந்த ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்போதும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். காலையில் திரை திறந்ததும் கணவரின் சின்ன போட்டோவும் பெயரும் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். லாகினை மாற்றச் சொல்லி யாரும் கேட்காததில் அவருக்கு வருத்தம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அந்த வருஷம்தான் புது சாஃப்ட்வேர் வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மீதிக் கதை நிற்காது. ஒவ்வொரு சர்வரும் தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். யார் நுழைந்தார், எந்த மிஷினிலிருந்து, எந்த ஃபைல், எவ்வளவு வெளியே போனது. அந்த வரிகளை மனுஷன் படிக்க முடியாது, அவ்வளவு. இந்த சாஃப்ட்வேர் படிக்கும். ஆனால் திருட்டு என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இது நல்ல வரி, இது கெட்ட வரி என்று குறி போட்டுக் கொடுப்பதும் இல்லை. இரண்டு மாதத்து வரிகளை அப்படியே அதன் முன்னால் கொட்டிவிடுவார்கள். இந்தக் கம்பெனியில் வழக்கம் என்பது இதுதான் என்று அது தானாகவே கற்றுக்கொள்ளும். பழையதை மறந்து புதியதைப் படித்துக்கொண்டே போகும். அதன் பிறகு நடக்கும் ஒவ்வொன்றும் அந்த வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மதிப்பெண் போடும். மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டினால் எங்கள் திரையில் சிவப்பாக ஒரு வரி எழும். அதுதான் அலர்ட்.

கேட்க அழகாகத்தான் இருந்தது. விற்க வந்தவர் கோட் போட்டுக்கொண்டு வந்து சொன்னபோது எனக்கே கை தட்டத் தோன்றியது.

முதல் நாள் ஆன் செய்தோம். மதியத்துக்குள் திரை முழுக்கச் சிவப்பு. அக்கவுண்ட்ஸில் ஒருவர் மாதக் கடைசி என்று கூடுதல் நேரம் உட்கார்ந்தார், அலர்ட். ஒருவர் கல்யாண லீவு முடிந்து திரும்பி வந்தார், அலர்ட். கேமரா சாஃப்ட்வேரை எல்லா மிஷினிலும் ஒரே நேரத்தில் புதுப்பித்தார்கள், அன்றைக்கு அலர்ட் மழை. எங்கள் புது சாஃப்ட்வேருக்குத் தெரிந்ததெல்லாம் "இது புதுசு" என்பது மட்டும்தான். "இது கெட்டது" என்று சொல்ல அதற்கு வாயில்லை. ஏன் சிவப்பு என்று கேட்டால் ஒரு எண்ணைக் காட்டும். எண்ணை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று அண்ணன் கத்துவார்.

யோசித்துப் பார்த்தால் அதன் மேலும் தப்பில்லை. லட்சக்கணக்கான வரிகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்று அது தப்பாகச் சொன்னாலே நூற்றுக்கணக்கில் பொய் அலர்ட் வந்துவிடும். நிஜத் திருடன் வருவதோ எப்போதாவது. அத்தனை பொய்க்கு நடுவில் ஒரு உண்மை வந்தாலும் அதுவும் அதே சிவப்பில், அதே உயரத்தில், அதே எழுத்தில்தான் வரும். ஒவ்வொன்றையும் திறந்து, யாரென்று கேட்டு, போன் போட்டு, காரணத்தைத் தேர்ந்தெடுத்து மூட வேண்டும். நான் ஒன்றை மூடுவதற்குள் மூன்று எழும். கொஞ்ச நாளில் அண்ணனின் விரல் கண்ணுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. படிக்கும் முன்பே மூடிவிடும். என்னுடையதும்தான், மறைப்பானேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என் கட்டைவிரல் தானாக அசையும். வாரம் முழுக்க "தீ, தீ" என்று கத்துகிற இடத்தில் உட்கார்ந்திருந்தால், காது தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. அது சோம்பேறித்தனம் என்று மேனேஜர் நினைத்தார். அவர் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

பேஜாரு தாங்காமல் ஒரு முறை அந்த மதிப்பெண் கோட்டை உயர்த்தி வைத்தோம். திரை வெறிச்சென்று ஆனது. நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், அந்த வாரம்தான் எனக்குப் பயம் அதிகமானது. எதையும் காட்டாத திரையைப் பார்த்துக்கொண்டு நாள் பூராவும் உட்காருவது, மூடிய கதவுக்கு வெளியே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. மறுபடியும் இறக்கி வைத்தோம்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு யாரும் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. எலக்ட்ரிகல் பிரிவின் பெரியவர் தானே போய், பட்டறைக்கும் டிஸ்பாட்ச் ஹாலுக்குமான மெயின் ஸ்விட்சை இறக்குவார். உலை, கிரேன், பிரிண்டர், மேசைக் கம்ப்யூட்டர் எல்லாம் ஆஃப். சந்தனம், குங்குமம், பொரி, கடலை, பூசணிக்காய். சர்வர் அறையை மட்டும் அணைக்க முடியாது; யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அதன் கதவுக்குப் பொட்டு வைத்துவிடுவார்கள். எங்கள் அறைத் திரைகளும் அதே யுபிஎஸ்ஸில்தான், அங்கேயும் ஆள் இருந்தாக வேண்டும். அண்ணன் இரண்டு கீபோர்டுக்கும் மவுஸுக்கும் குங்குமம் வைத்து, மேலே ஒரு துளி பூவும் வைத்துவிட்டார்.

"பாக்கலாம் மா. தொடக் கூடாது. அவசரம்னா மேனேஜருக்குப் போன் பண்ணிக்கலாம்," என்றார்.

நான் டிஸ்பாட்ச் ஹாலுக்குப் போனேன். பூஜை அங்கேதான். அக்கா பாவாடை சட்டை போட்ட தன் மகளோடு வந்திருந்தார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுண்டல் பிரித்துக் கொடுத்தார். மேசைகளில் கம்ப்யூட்டர்கள் வரிசையாகச் செத்துக் கிடந்தன, ஒவ்வொரு திரையின் நெற்றியிலும் ஒரு பொட்டோடு. பூசணிக்காய் உடைத்ததும் எல்லோரும் கலைய ஆரம்பித்தார்கள். தரை நடுங்கவில்லை. அந்த நடுக்கம் இல்லாமல் அந்தக் கட்டடத்தில் நான் நின்றதே இல்லை. கால் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

மதியம் அறைக்குத் திரும்பினேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை பூராவும் சிவப்பு எழும்பிக்கொண்டிருந்தது. தினமும் வருகிற ஆட்கள் வரவில்லையே, அதற்குத்தான். இவர் வரவில்லை. இவரும் வரவில்லை. இந்த பிரிண்டர் பேசவில்லை. அந்த மிஷின் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு மிஷினாக, காணோம் காணோம் என்று அது எழுதிக்கொண்டே போனது. ஊரே ஒரே நாளில் காலியானதைப் பார்த்து ஒன்று மட்டும் உள்ளே உட்கார்ந்து பதறுகிறது. தொடவும் கூடாது, மூடவும் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

லீவு முடிந்து வந்த காலையில் அண்ணன் கற்பூரம் காட்டிவிட்டு மவுஸைத் தொட்டார். எல்லா வரிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார். காரணம்: பண்டிகை. ஒரே அழுத்தில் அத்தனையும் மறைந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், ஏனென்றால் அந்தச் சிவப்புகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் பண்டிகைதான்.

மழைக்காலம் தொடங்கியதும் பிரச்சினை வந்தது. எங்களிடம் பம்ப் உடல்கள் வாங்கும் ஒரு கம்பெனிக்கு எங்கள் பெயரில் ஒரு மெயில் போயிருந்தது. எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் பணத்தை இதில் போடுங்கள் என்று. போலி மெயில். ஆனால் அதில் அந்த வாரம் போன லோடு, லாரி நம்பர், டிரைவர் பெயர் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. நல்ல வேளையாக அந்தக் கம்பெனியின் அக்கவுண்டண்ட் சந்தேகப்பிராணி. எங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் லாரி நம்பர் வரைக்கும் வெளியே எப்படிப் போனது?

மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். அந்த லோடு ஃபைலை யார் திறந்தது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தோம். இறந்தவர்.

"அப்போ அந்தம்மாதான்," என்றார் மேனேஜர்.

மறுநாளே அக்காவை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. கணவர் போனதற்காகக் கருணையோடு கொடுத்த வேலை அது, இன்னும் நிரந்தரமாகவில்லை; எடுத்துவிட ஒரு கையெழுத்துப் போதும். மகள் அந்த வருஷம் பத்தாவது. இருந்தது வாடகை வீடு. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்தார்.

"நானு இன்னா பண்ணேன்னே தெரிலமா. அவரு பேர்ல திருடுனன்றாங்கோ. என்னிய சொன்னாகூட பரவால்ல. அவரு பேர்லமா."

எனக்கு மேனேஜர் மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் அச்சிட முடியாது. ஆனால் ஆத்திரம் ஆதாரம் ஆகாது. அறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

முதலில் அலர்ட்டுகளைத் தேடினேன். அந்த லாகின் மேல், சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து, ஒரு சிவப்பு வரிகூட இல்லை. என் பெயரில் இருந்தது, அண்ணன் பெயரில் இருந்தது, மேனேஜர் பெயரில் ஏராளமாக இருந்தது. கம்பெனியிலேயே மிக ஒழுக்கமான ஆள் இறந்தவர்தான். அதைப் பார்த்தபோது அந்த அறையின் குளிர் வேறு மாதிரி இருந்தது.

பிறகு அலர்ட்டை விட்டுவிட்டு, மூல வரிகளையே படிக்க உட்கார்ந்தேன். தினமும் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அந்த லாகின் நாலைந்து ஃபைல்களைத் திறந்திருந்தது. அவற்றின் நகல் வெளியே ஒரு சேமிப்பு இடத்துக்குப் போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல். ஆனால் அது அக்கா இல்லை என்று எப்படிக் காட்டுவது? டிஸ்பாட்ச் மேசைகளில் இருப்பது வெறும் திரைகள். நிஜ வேலை நடப்பது சர்வர் அறையில் இருக்கும் ஒரே மிஷினில். அதனால் யார், எங்கே உட்கார்ந்து செய்தாலும் வரிகளில் அந்த சர்வரின் முகவரிதான் விழும். அக்கா சாப்பிடப் போயிருந்தார் என்றால், போகவில்லை என்பார்கள். அக்கா லீவு எடுத்த நாளைக் காட்டலாம் என்றால், அன்றைக்கு வேறு யாரோ அதே லாகினில் கேட் பாஸ் அடித்திருக்கிறார்கள். அவருடைய கையையும் இன்னொரு கையையும் பிரித்துக் காட்ட வழியே இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது.

"யாருமே ஒக்காராத நாளு ஒண்ணு வேணும்ணா," என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவர் கீபோர்டில் இன்னும் குங்குமக் கறை இருந்தது.

ஆயுத பூஜை நாளின் வரிகளை எடுத்தோம். மூட்டை மூட்டையாக வரும் நாட்களுக்கு நடுவே அந்த நாள் மெலிந்து கிடந்தது. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட வரிகள்தான். கீழே இறக்கிக்கொண்டே போனேன். மதியம் வந்தது. மெயின் ஸ்விட்ச் இறங்கி, பூசணிக்காய் உடைத்து எல்லோரும் கலைந்து, ஹாலில் ஒவ்வொரு திரையும் பொட்டோடு இருண்டு கிடந்த அந்த நேரத்தில், இறந்தவர் உள்ளே வந்திருந்தார். ஃபைல்களைத் திறந்திருந்தார். நகல் எடுத்திருந்தார். வெளியேறியிருந்தார்.

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நைனா..." என்றார், யாரைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. "ஸ்விட்ச்ச எறக்குனத நானு பக்கத்துல நின்னுகினு பாத்தேன் மா."

நாங்கள் இரண்டு பேரும் அப்போது இதே திரைக்கு முன்னால்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வரி ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? மதிப்பெண்ணைப் பார்த்தேன். ஏறக்குறைய பூஜ்யம். வராத அத்தனை பேருக்கும் சிவப்புக் கொடுத்துப் பதறிய மிஷின், வந்த ஒருவரை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அவரைக் காணோம் என்று எழுந்த வரியையும் அவர் வந்ததும் தானே அழித்திருந்தது. தினமும் வருகிறவர் தினமும் வரும் நேரத்தில் வந்திருக்கிறார், இதிலென்ன. அன்றைக்குக் கம்பெனியில் நடந்தவற்றிலேயே வழக்கமானது அதுதான் என்று அது முடிவு செய்திருந்தது.

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அது வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் முன்பே திருடன் உள்ளே இருந்திருக்கிறான். அந்த இரண்டு மாத வரிகளில் அவனும் இருந்தான். எங்கள் டீ நேரம், ஷிஃப்ட், மாதக் கடைசி இவற்றோடு சேர்த்து அவனையும் எங்கள் வழக்கங்களில் ஒன்றாக அது படித்துக்கொண்டுவிட்டது. அதன் பிறகு அவன் வராமல் இருந்தால்தான் அதற்கு ஆச்சரியம்.

கதவும் கிடைத்தது. லேபிள் பிரிண்டர் வைத்துக் கொடுத்த ஆட்கள், தூரத்திலிருந்தே பழுது பார்க்க என்று அந்த சர்வரில் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் எடுக்கவில்லை. அந்த வழியாகத்தான் யாரோ, எந்த ஊரிலிருந்தோ, எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை, தினமும் மதியம் உள்ளே வந்து, எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாஸ்வேர்டை அடித்து, இறந்தவராக உட்கார்ந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சாக்ஸ் போடாத கால்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் பேனாவை மூடித் திறந்து மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மெயின் ஸ்விட்ச் இறங்கியிருந்தது என்பதற்கு எலக்ட்ரிகல் பெரியவரையே கூப்பிட்டுக் கேட்டார். பெரியவர் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று உட்காரவைத்தோம்.

அக்கா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. திடீரென்று, "எந்த நாளுமா சொன்ன?" என்றார்.

"ஆயுத பூஜ அன்னிக்கு கா. மத்தியானம்."

"அன்னிக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு கா."

அவர் மெதுவாக, மேனேஜரிடம் இல்லை, என்னிடம் சொன்னார்.

"மத்தியானம் சாப்புட்டு வந்து பாப்பேன்மா. நான் தொறக்காத ஃபைலு தொறந்துகினு கெடக்கும். மொத தபா பயந்துட்டேன். அப்பால..." புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினார். "அவருன்னு நெனச்சிக்கினேன். அவரு பேரு, அவரு போட்டோ, அவரு ஃபைலு. வேற யாரு வருவா? நான் சாப்புட போற நேரமா பாத்து வந்து வேல செஞ்சிக்கினு போறாருன்னு. யார்கிட்டயும் சொல்லல. நீங்கல்லாம் சிரிப்பீங்க. சாப்புட போறப்ப, வந்து ஒக்காருன்னு நாக்காலிய தொடச்சி வெச்சிட்டுப் போவேன்."

மேனேஜரின் பேனா நின்றுவிட்டது.

"அது அவரு இல்லமா," என்றார் அக்கா. "பூஜ அன்னிக்கு அவரு ஒரு பேனாவகூட தொடமாட்டாரு. கல்யாணமான புதுசுல ஒரு தபா அன்னிக்கு அருவாமனய எடுத்து வெங்காயம் அரிஞ்சிட்டேன்னு ரெண்டு நாளு பேசல. அது அவரு இல்ல."

அப்புறம் அழுதார். வேலை போகாது என்று தெரிந்த அழுகை இல்லை அது. மூன்று மாசமாகவோ ஆறு மாசமாகவோ கூடவே இருந்த ஒருவரை அந்த அறையில் உட்கார்ந்து இரண்டாவது முறை பறிகொடுத்தார். நிரூபித்தது நான். பெரியவர்தான் எழுந்து தண்ணீர் கொடுத்தார்.

அந்த வாரமே பிரிண்டர் ஆட்கள் போட்ட சாஃப்ட்வேரைப் பிடுங்கினோம், சர்வரைத் துடைத்துப் புதிதாக ஏற்றினோம், எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினோம். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கிடைக்காத நாலு கையெழுத்தும் ஒரே காலையில் கிடைத்தன. அக்காவுக்கு அவர் பெயரிலேயே லாகின், கேட் பாஸ் அனுமதியோடு. அவர் கணவரின் லாகினை நான்தான் மூடினேன். கேட்காமலேயே அந்தச் சின்ன போட்டோவை மட்டும் ஒரு காகிதத்தில் அச்சடித்து அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் எங்கள் திரையில் ஒரு சிவப்பு வரி எழுந்தது. இறந்தவரின் பெயர். வழக்கமாக வரும் நேரத்தில் வரவில்லை. மதிப்பெண் மிக அதிகம். லாகினை மூடியது அதற்குத் தெரியாது. யாரும் அதற்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மதியம் இன்னொரு வரி. இன்னும் வரவில்லை.

அவர் இறந்தபோது சம்பளப் பிரிவில் பெயரை எடுத்தார்கள், மாலை போட்டார்கள், ஒரு நாள் அரைக் கம்பத்தில் கொடி. கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் அவர் இறக்கவே இல்லை. இப்போதுதான் முதல் முறையாக அவரைக் காணோம் என்கிறது. அண்ணனின் விரல் பழக்கத்தில் மூடப் போனது. நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

அக்கா அன்று புது பாஸ்வேர்டுக்குக் கையெழுத்துப் போட எங்கள் அறைக்கு வந்தார். திரையில் அந்தப் பெயரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது இன்னாமா?"

"அவரு இன்னிக்கு வரலன்னு சொல்லுது கா."

"அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது கா. தினமும் கேக்கும். பழகற வரைக்கும்."

"எத்தினி நாளிக்கி?"

"ஒரு ரெண்டு மாசம் இருக்கும். அப்பால அவரு வராததே அதுக்கு வழக்கமாயிடும்."

அவர் அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு மாசத்துலயா?" என்றார்.

நாங்கள் அதை மூடவில்லை. அண்ணன் மற்றதையெல்லாம் மூடிக்கொண்டே போவார், அந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடுவார். அதிலிருந்து தினமும் டீ நேரத்தில் அக்கா கேட்டுக்கு எதிரே என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்.

"இன்னிக்கி கேட்டுச்சாமா?"

"கேட்டுச்சு கா."

பொங்கல் முடிந்து, வெயில் லேசாக ஏற ஆரம்பித்த ஒரு காலையில் திரையைத் திறந்தேன். வழக்கமான சிவப்பு மழை. அந்தப் பெயர் இல்லை. மதியம் வரை பார்த்தேன். மதியமும் வரவில்லை. அதற்குப் பழகிவிட்டது.

டீக்கடையில் அக்கா எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு நின்றிருந்தார். டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கி கேட்டுச்சாமா?"

"கேட்டுச்சு கா," என்றேன்.